அகலமாகக் கிடக்கும் இடைவெளிக்குள் காலை விடாதீர்கள்

வடசேரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் அறையில் சென்ற மாதம் முதல் புதிதாக இரண்டு பேர் உட்காருகிறார்கள். அதிகம் விற்பனையாகாத சில பங்குகளில், வாங்கும் விலை ஒன்றும் விற்கும் விலை ஒன்றுமாக நாள் முழுவதும் இரண்டு பக்கமும் ஆர்டர் போட்டு வைப்பதுதான் எங்கள் வேலை. 479.50 ரூபாய்க்கு வாங்கி 480.50-க்கு விற்றால் நடுவில் இருக்கும் ஒரு ரூபாய் இடைவெளி நமக்கு. கேட்பதற்கு எளிய தொழில். அந்த இருவரும் நான் பத்து வருடங்களுக்கு முன் செய்த அதே பிழைகளை வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். அளவில் ஒரு பூஜ்யம் கூடிப்போவது, வாங்குவதற்குப் பதிலாக விற்றுவிடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை கை சுட்டால் அவை தானாக நின்றுவிடும்.

இடைவெளியைக் கூலி என்று நினைப்பது

தவறுகளுக்கெல்லாம் வேர் இது. என் பெரியப்பா குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தார். தோட்டக்காரர்களிடம் ஒரு விலைக்கு எடுத்து, கோட்டயம் போகும் லாரிக்காரர்களுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பார். கோட்டயத்தின் அன்றைய விலை மறுநாள் காலைப் பத்திரிகையில்தான் வரும். விளக்கு வைத்த பிறகு ஒரு பாட்டி தலைச்சுமையாக நாலு ஷீட் கொண்டு வந்தால் வழக்கமான விலை கொடுப்பார். அதே நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் ஜீப் நிறைய ஷீட்டோடு வந்து, "இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவசரப்படுத்தினால் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துத்தான் கேட்பார். "மக்களே, அவன் சாயங்காலம் கோட்டயத்துக்கு ஃபோன் பேசியிருப்பான். நாளைக் காலை விலை இறங்கப் போகிறது என்பது எனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும்" என்பார். அடம் பிடித்தால், காலையில் பத்திரிகை வந்த பிறகு வரச் சொல்லி அனுப்பிவிடுவார்.

பாதகத் தேர்வு என்பது இதுதான். நாம் விலையைச் சொல்லி வைக்கிறோம். யார் அதை எடுத்துக்கொள்வது என்பதை எதிரில் இருப்பவர் முடிவு செய்கிறார். நம் விலை தவறாக இருக்கும் நேரம் பார்த்து, அது தெரிந்தவர்தான் முதலில் வருவார்.

பெரியப்பாவுக்கு இருந்த ஒரு வசதி எங்களுக்கு இல்லை. அவருக்குப் பாட்டியும் ஜீப்காரரும் கண்ணுக்குத் தெரிந்தார்கள். பங்குச் சந்தைத் திரையில் இருவருக்கும் ஒரே முகம். ஆகவே இருவருக்கும் சேர்த்து ஒரே விலை சொல்ல வேண்டியிருக்கிறது. ஜீப்காரரிடம் இழப்பதைப் பாட்டியிடமிருந்து எடுத்தாக வேண்டும். அநியாயம்தான், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

அந்தக் கணக்கை 1985-இல் லாரன்ஸ் குளோஸ்டன், பால் மில்க்ரம் என்ற இரு பொருளியலாளர்கள் துப்புரவாகப் போட்டுக் காட்டினார்கள். அதன் எளிய வடிவம் இது. ஒரு நிறுவனத்தின் காலாண்டு முடிவு நன்றாக இருந்தால் பங்கின் மதிப்பு 110, மோசமாக இருந்தால் 90, இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். நடு விலை 100. நம்மிடம் வரும் நூறு பேரில் பத்துப் பேருக்கு முடிவு தெரியும். மீதித் தொண்ணூறு பேர் வீட்டுச் செலவுக்கோ சேமிப்புக்கோ வருகிறவர்கள். பாதிப் பேர் வாங்குவார்கள், பாதிப் பேர் விற்பார்கள்.

நாம் 99.50-க்கு வாங்கி 100.50-க்கு விற்பதாகச் சொன்னால், அந்தத் தொண்ணூறு பேரும் ஆளுக்கு 50 காசு தந்துவிட்டுப் போகிறார்கள்: 45 ரூபாய் வரவு. விவரம் தெரிந்த பத்துப் பேரோ 110 மதிப்புள்ளதை 100.50-க்கு எடுத்துக்கொண்டு, ஆளுக்கு 9.50 வீதம் 95 ரூபாயைக் கொண்டுபோகிறார்கள். மொத்தத்தில் 50 ரூபாய் நஷ்டம். விலையை 99, 101 என்று அகலப்படுத்தினால் வரவு 90, செலவு 90, கை சுத்தம். ஆக, அந்த இரண்டு ரூபாய் இடைவெளியில் நமக்கு ஒரு காசு கூலி கிடையாது. தெரிந்தவர்களிடம் இழப்பதை ஈடுகட்டவே அது சரியாகப் போகிறது. நம் சம்பளம், வாடகை, தரகு எல்லாம் இதற்கு மேல்தான் வர வேண்டும்.

மற்றவர்கள் விலகி நிற்கும்போது உள்ளே நுழைவது

இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிற தவறு இது.

ஒரு நிறுவனத்தின் காலாண்டு முடிவு வரவிருந்த நாள். இங்கே பல நிறுவனங்கள் சந்தை நடந்துகொண்டிருக்கும்போதே முடிவை வெளியிடுகின்றன, அதுவும் அப்படித்தான். வழக்கமாக ஒரு ரூபாய் இடைவெளியில் ஓடும் பங்கு, அன்று காலையிலிருந்தே 478, 482 என்று நாலு ரூபாய் அகலத்தில் கிடந்தது. "இன்று எல்லாருக்கும் சோம்பல். நான் 479.50, 480.50 என்று போட்டால் வரும் வியாபாரம் முழுவதும் எனக்குத்தான்" என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த மூத்தவர், "தம்பி, இன்று ஏன் இவ்வளவு அகலம் என்று யோசித்தாயா?" என்று கேட்டார். யோசிக்கவில்லை.

மதியம் 1.10-க்கு 480.50 விலையில் 500 பங்குகளை யாரோ வாங்கினார்கள். மகிழ்ச்சியோடு அதே விலையில் மறுபடியும் 500 போட்டேன். அதுவும் போனது. மறுபடியும் போட்டேன். அரை மணி நேரத்தில் எட்டு முறை. 479.50-க்கு என்னிடம் விற்க ஒருவர்கூட வரவில்லை. அதைப் பார்த்த உடனே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வியாபாரம் சூடு பிடிக்கிறது என்று டீ வரவழைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன்.

1.40-க்கு முடிவு வந்தது. எதிர்பார்த்ததைவிட நல்ல லாபம். விலை 503. கையில் இல்லாத 4,000 பங்குகளை 480.50-க்கு விற்றிருக்கிறேன், அன்றே திரும்ப வாங்கியாக வேண்டும். பங்குக்கு 22.50 வீதம் 90,000 ரூபாய் போனது. எட்டு முறையும் நான் நினைத்தபடி நடந்திருந்தாலும் கிடைத்திருக்கக்கூடியது 4,000 ரூபாய்.

மேலே போட்ட கணக்கில் இதை வைத்துப் பாருங்கள். முடிவு வரும் நாளில் விவரம் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேரிலிருந்து முப்பது பேர் ஆகிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 99, 101 என்று நின்றால் எழுபது பேரிடமிருந்து 70 ரூபாய் வரும், முப்பது பேரிடம் 270 ரூபாய் போகும். 97, 103 என்று நின்றால்தான் 210-க்கு 210 என்று சமமாகும். அன்று மற்றவர்கள் விட்டிருந்த நாலு ரூபாய் அகலத்துக்கு இதுதான் காரணம். அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. எல்லாரும் நாலு ரூபாய் அகலத்தில் நிற்கும்போது நான் மட்டும் உள்ளே நின்றால், சாதாரணமாக வருகிறவர்களோடு விவரம் தெரிந்த அத்தனை பேரும் என்னிடமே வருவார்கள். மொத்த வியாபாரமும் எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன், கிடைத்தது.

விவரம் தெரிந்தவர் என்றால் நிறுவனத்துக்குள் இருந்து ரகசியத்தைக் கசியவிட்டவர் என்று பொருள் கொள்ள வேண்டாம். அது சட்டப்படி குற்றம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிகளின்படி காலாண்டு முடிந்த நாளிலிருந்து முடிவு வெளியாகி 48 மணி நேரம் ஆகும் வரை நிறுவனத்து உள்ளாட்கள் அதன் பங்கில் வியாபாரம் செய்யக் கூடாது. விற்பனையாளர்களிடம் விசாரித்து நம்மைவிடச் சரியாகக் கணித்தவரும், அறிவிப்பை நம்மைவிட மூன்று வினாடி முன்னால் படித்தவரும் நமக்கு ஜீப்காரர்கள்தான்.

அகலப்படுத்துவதையும் நகர்த்துவதையும் குழப்பிக்கொள்வது

யாருக்கோ தெரியும், எந்தத் திசை என்று நமக்குத் தெரியாது: அப்போது இடைவெளியை அகலப்படுத்த வேண்டும். ஒருவர் வாங்கிவிட்டார்: அப்போது இரண்டு விலைகளையும் மேலே நகர்த்த வேண்டும். நூற்றுக்குப் பத்துப் பேர் கணக்கில் 99, 101 என்று நிற்கும்போது ஒருவர் வாங்கினால், நல்ல முடிவுக்கான வாய்ப்பு 50-லிருந்து 55 சதவீதமாகிறது. அடுத்த விலைகள் 100-உம் ஏறத்தாழ 102-உம். ஒவ்வொரு வாங்கலும் ஒரு சிறிய செய்தி. எட்டுச் செய்திகள் வந்தும் நான் 480.50-ஐ விட்டு நகரவில்லை.

பெரிய ஆர்டர் என்றாலே பயப்படுவது

நிஃப்டி போன்ற குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் குறியீட்டு நிதிகளும் பெரிதாகத்தான் வாங்கும். அவற்றுக்கு ரகசியம் எதுவும் தெரியாது.

அகலத்துக்கு எல்லை இல்லை என்று நினைப்பது

நூற்றுக்கு எண்பது பேருக்கு விவரம் தெரியும் என்று சந்தேகப்பட்டால், கணக்கின்படி 92, 108 என்று நிற்க வேண்டும். அந்த விலையைப் பார்த்ததும் பாட்டி ஷீட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அவர் போனால் மிஞ்சுகிறவர்களில் தெரிந்தவர்களின் பங்கு இன்னும் கூடும். அதற்காக மேலும் அகலப்படுத்த வேண்டும். மேலும் சிலர் போவார்கள். கடைசியில் எந்த விலையும் கட்டுபடியாகாது. அந்த நிலையில் ஆர்டரை எடுத்துவிட்டுப் பத்திரிகை வரும் வரை காத்திருப்பதுதான் வழி. முடிவு வெளியானதும் இடைவெளி தானாகச் சுருங்கும்.

நாள் லாபத்தை மட்டும் பார்ப்பது

நாள் லாபத்தில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். பாதகத் தேர்வு நம்மைத் தின்கிறதா என்று அறிய ஒவ்வொரு விற்பனைக்கும் மூன்று எண்களைக் குறித்து வையுங்கள்: விற்ற விலை, அந்த நேரத்து நடு விலை, ஐந்து நிமிடம் கழித்து நடு விலை. நடு விலை 480 இருக்கும்போது 480.50-க்கு விற்றால் 50 காசு வந்ததுபோல் தோன்றும். ஐந்து நிமிடத்தில் நடு விலை 481.20 ஆனால் உண்மையில் 70 காசு போயிருக்கிறது. வாங்கும் பக்கத்திலும் இதையே திருப்பிப் போடலாம். ஒரு தடவை அப்படி ஆனால் அது தற்செயலாக இருக்கலாம். நூறு தடவைக்கு மேல் குறித்து, சாதாரண நாள்களையும் முடிவு வரும் நாள்களையும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். என் நோட்டில் சாதாரண நாள்கள் வரவில் இருந்தன. சேர்த்ததையெல்லாம் முடிவு நாள்கள் தின்றிருந்தன.

புதிய இருவரில் இளையவன் அந்த நோட்டை ஒழுங்காக எழுதுகிறான். நேற்று வந்து, "அண்ணா, ஒரு நிமிடக் கணக்கு வரவு காட்டுகிறது, ஐந்து நிமிடக் கணக்கு நஷ்டம் காட்டுகிறது, எது சரி?" என்று கேட்டான். விவரம் தெரிந்தவர் விலையைக் கிளப்பாமல் 500, 500-ஆகத்தான் எடுப்பார் என்பதால், ஒரு நிமிடத்தில் விலை அசைந்தே இருக்காது. பதினைந்து நிமிடத்துக்கும் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.