ஆறு பேருக்கும் எட்டு இடங்கள்

ஆறு பேர் ஆடும் இணையவழிச் சதுரங்க நாக்அவுட்டுக்கும் எட்டு இடங்கள் கொண்ட அட்டவணையை வரைந்து, முதல் சுற்றின் ஒவ்வொரு ஜோடியிலும் தரவரிசை எண்களின் கூட்டுத்தொகை 9 வருமாறு, மேல்பாதியில் 1–8, 4–5 என்றும் கீழ்பாதியில் 2–7, 3–6 என்றும் நிரப்புங்கள். 7, 8 காலி என்பதால் முதல் இருவருக்கும் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் ‘பை’ தானாகவே கிடைத்துவிடும். இறுதி ஆட்டத்துக்கு முன் அவர்கள் மோதவும் வாய்ப்பில்லை.

ஓர் ஆட்டத்துக்கு ஒருவர் வெளியேறுவதால் மொத்தம் ஐந்தே ஆட்டங்கள். இருமுறை தோற்றால்தான் வெளியேற்றம் என்றால் அது 10 அல்லது 11 ஆகிவிடும். ஒரே மாலையில் முடிக்க அது சரிப்படாது. ஆட்டம் டிரா ஆனால், நிறம் மாற்றி பிளிட்ஸ் என்ற அதிவேக ஆட்டம் ஒன்று, அதுவும் டிராவானால் கறுப்புக்கு டிராவே வெற்றியாகும் அர்மகெதான் என்று முன்பே அறிவித்துவிடுங்கள்.

ஆடுபவர்களின் ரேட்டிங் நம்பத்தக்கதாக இல்லையெனில் இந்தத் தரவரிசைக்குப் பொருளில்லை. அப்போது சீட்டுக் குலுக்குவதே நியாயம்.