கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கூகுள் மேப்பில் ஒரு கடையையோ கிளினிக்கையோ சேர்க்கும் படிவம் சின்னதுதான். ஒரே மூச்சில் நிரப்பிவிடலாம். அந்த வேகத்தில் போட்ட ஒரு வரியைத் திருத்துவதற்குத்தான் நாள்கணக்கில் இழுக்கும். ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். மூலைக் கட்டிடம் ஒன்றின் முதல் மாடியில் புதிதாக ஒரு பல் கிளினிக் வருகிறது. முகவரி பெரிய தெருவின் பெயரில் இருக்கிறது. ஆனால் மேலே ஏறும் படிக்கட்டு பக்கத்துச் சந்தில்.

முதல் தவறு, தேடிப் பார்க்காமலே புதிதாகச் சேர்ப்பது. நீங்கள் சேர்க்காவிட்டாலும் உங்கள் கடை மேப்பில் ஏற்கெனவே இருக்கலாம். வாடிக்கையாளர் யாராவது சேர்த்திருப்பார், அல்லது வேறு தரவுகளிலிருந்து கூகுளே எடுத்திருக்கும். அதனால் முதலில் பெயரைப் போட்டுத் தேடுங்கள், பிறகு தொலைபேசி எண்ணைப் போட்டுத் தேடுங்கள், கடைசியாக அந்தக் கட்டிடத்தின் மேலேயே ஜூம் செய்து பாருங்கள். உங்கள் இடம் கிடைத்தால் அதைத் திறந்து Claim this business என்பதை அழுத்தி உரிமை கோருவதுதான் சரி. வேறொருவர் ஏற்கெனவே உரிமை எடுத்து வைத்திருந்தால் அணுகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். பதில் சொல்ல அவருக்கு 3 நாள் அவகாசம் உண்டு. இதையெல்லாம் விட்டுவிட்டு இன்னொன்றை உருவாக்கினால் ஒரே கடைக்கு இரண்டு பதிவு வந்துவிடும். ரிவ்யூக்கள் இரண்டாகப் பிரியும். புதியது 'நகல்' என்று ஒதுக்கப்பட்டு மேப்பில் தெரியாமலே போகவும் கூடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நம் கிளினிக் இருக்கும் இடத்தில் முன்பு வேறொரு மருத்துவர் இருந்தார், அவருடைய பதிவுக்கு நல்ல ரிவ்யூக்கள் இருக்கின்றன என்று வையுங்கள். அதன் பெயரை மட்டும் மாற்றி எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். அது வேறொரு தொழிலின் பதிவு. அது மூடப்பட்டது அல்லது இடம் மாறியது என்று Suggest an edit வழியாகத் தெரிவித்துவிட்டு, உங்களுடையதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். நீங்களே இடம் மாறினால் மட்டும் பழைய பதிவிலேயே முகவரியை மாற்றுங்கள். ரிவ்யூக்கள் கூடவே வரும்.

அடுத்தது பெயர். போர்டில் 'நிலா பல் கிளினிக்' என்று இருந்தால் பதிவிலும் அவ்வளவுதான் இருக்க வேண்டும். 'நிலா பல் கிளினிக், வேர் சிகிச்சை, பல் கட்டுதல், சிறந்த பல் மருத்துவர்' என்று நீட்டுவது கூகுளின் விதிகளுக்கு எதிரானது. சில காலம் தேடலில் பலன் தருவதுபோல் தெரியலாம். பிறகு யாரோ ஒருவர், பெரும்பாலும் போட்டியாளர்தான், திருத்தம் கேட்டு அனுப்புவார். பெயர் வெட்டப்படும், இல்லையென்றால் பதிவே முடக்கப்படும். 'முதல் மாடி' என்பதும் பெயரில் வரக்கூடாது. அதற்கு முகவரியின் இரண்டாவது வரி இருக்கிறது.

சொல்ல நினைத்த அந்தச் சிகிச்சைகள் எங்கே போவது? அதற்குத்தான் வகையும் சேவைகள் பகுதியும் இருக்கின்றன. முதலில் வகை. ஒரு முதன்மை வகையும், அதற்கு மேல் 9 கூடுதல் வகைகளும் வைக்கலாம். தேடலில் அதிக எடை முதன்மை வகைக்கு. அதனால் இதில் பொதுவாகப் போவதுதான் தவறு. Medical clinic என்று போட்டால் காய்ச்சலுக்குத் தேடுகிறவர் வந்து நிற்பார், பல் வலிக்குத் தேடுகிறவர் கண்ணில் படமாட்டீர்கள். Dental clinic என்று குறுக்கிப் போடுங்கள். கூடுதல் வகைகளை எடுக்கும்போது 'இங்கே இது இருக்கிறதா' என்று கேட்காமல், 'இந்த இடம் இதுதானா' என்று கேட்டுப் பாருங்கள். கிளினிக்கில் ஒரு எக்ஸ்ரே கருவி இருப்பதால் அது எக்ஸ்ரே நிலையம் ஆகிவிடாது. தனித்தனிச் சிகிச்சைகளைச் சேவைகள் பகுதியில் எழுதிவிடலாம்.

இனி பின், அதாவது மேப்பில் உங்கள் இடத்தைக் குத்திக் காட்டும் குறி. பலரும் முகவரியைத் தட்டச்சு செய்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். கூகுள் அந்த முகவரியைப் படித்துத் தானாக ஒரு புள்ளியில் பின்னைக் குத்தும். நம் கிளினிக்குக்கு அது பெரிய தெரு முகப்பில் விழும். நோயாளியின் போன் அங்கே கொண்டுபோய் 'வந்துவிட்டீர்கள்' என்று சொல்லும். அவர் முன்னால் இருப்பதோ பூட்டிய ஷட்டர். அவர் மேலும் கீழும் நடந்துவிட்டு அழைப்பார், அல்லது அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுவார்.

இதைச் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. படிக்கட்டின் முன்னால் நின்று, மேப்பில் செயற்கைக்கோள் காட்சியைப் போட்டு, நிற்கும் இடத்தை விரலால் அழுத்திப் பிடியுங்கள். புள்ளிக்குப் பின் பல இலக்கங்களோடு இரண்டு எண்கள் தெரியும். அவற்றைக் குறித்துக்கொண்டு, உங்கள் பதிவில் பின் குத்தியிருக்கும் இடத்தையும் இதேபோல் அழுத்திப் பார்த்து ஒப்பிடுங்கள். முதல் எண்ணில் நான்காம் தசம இலக்கம் 1 மாறினால் ஏறத்தாழ 11 மீட்டர் வித்தியாசம். 3 மாறினால் முப்பது மீட்டருக்கு மேல்; மூலைக் கட்டிடத்தில் அது வேறு தெரு. போனின் நீலப் புள்ளியை மட்டும் நம்பாதீர்கள். உயரமான கட்டிடங்களுக்கு இடையில் அது நகர்ந்து காட்டும். கட்டிடத்தின் கூரையைப் பார்த்து வாசலை அடையாளம் கண்டு, பின்னை அங்கே இழுத்து வையுங்கள். பிறகு இடம் தெரியாத ஒருவரை வேறு போனில் வழி போட்டு வரச் சொல்லிப் பாருங்கள்.

கடைசியில் சரிபார்ப்பு. எந்த முறையில் சரிபார்க்க வேண்டும் என்பதைக் கூகுள்தான் முடிவு செய்யும். இப்போது பலருக்கும் வீடியோ எடுத்து அனுப்பும் முறைதான் வருகிறது. அதில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: இடம், தொழில், அதை நடத்துகிறவர் நீங்கள்தான் என்பது. நிறுத்தாமல், வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். நம் கிளினிக்குக்கு இப்படி: தெருவின் பெயர்ப்பலகையில் தொடங்குங்கள், சந்துக்குள் திரும்புங்கள், கிளினிக் போர்டு படிக்கிற அளவுக்குச் சில விநாடி நில்லுங்கள், படியேறி உங்கள் சாவியால் கதவைத் திறங்கள், சிகிச்சை நாற்காலியையும் கருவிகளையும் காட்டுங்கள். நோயாளிகளின் முகமோ அவர்களுடைய கோப்புகளோ படத்தில் வரக்கூடாது. ஆள் இல்லாத நேரம் பார்த்து எடுங்கள்.

நிராகரிக்கப்படும் வீடியோக்களில் அடிக்கடி காணும் குறை, உள்ளே நின்றே தொடங்குவது. அது எந்தத் தெரு என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? இன்னொன்று, போர்டு மாட்டும் முன்பே அவசரப்படுவது. பேப்பரில் அச்சடித்து ஒட்டிய பெயர் நிலையான போர்டு ஆகாது. வீடியோ அனுப்பியபின் முடிவு வர 5 வேலை நாள் வரை ஆகலாம். அதற்குள் பெயர், முகவரி, வகை எதிலும் கை வைக்காதீர்கள். தபாலில் குறியீடு வரும் முறையானால் இந்த மாற்றம் குறியீட்டையே செல்லாமல் ஆக்கிவிடலாம்.

ஒருவேளை பதிவு முடக்கப்பட்டால், பதறிப்போய் புதிதாக ஒன்று தொடங்க வேண்டாம், மேல்முறையீடு செய்யுங்கள். ஆதாரம் இணைக்கும் படிவத்தைத் திறந்தபின் 60 நிமிடத்துக்குள் அனுப்பியாக வேண்டும். அதனால் தொழில் பதிவுச் சான்று, மின் கட்டண ரசீது போன்றவற்றை முதலில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் உள்ள பெயரும் முகவரியும் மேப்பில் இருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு படிவத்தைத் திறங்கள்.