ஜிப்சம் போர்டு: தரையைத் தொட்டால் கெடும்

ஜிப்சம் போர்டு காய்ந்த அறைக்கு நல்ல பொருள். எடை குறைவு, வேலை சீக்கிரம் முடியும். தீயையும் ஓரளவு தாங்கும். ஜிப்சத்தின் எடையில் சுமார் 20 சதவீதம் அதற்குள்ளேயே கட்டுண்டிருக்கும் நீர்தான்; அது ஆவியாகித் தீரும் வரை சுவரின் மறுபக்கம் அதிகம் சூடேறாது. வெளியிலிருந்து வரும் தண்ணீரோடுதான் அதற்கு ஒத்துவராது.

படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர் என்று வைத்துக்கொள்வோம். வேலையாள் போர்டைத் தரையில் ஊன்றி நிறுத்தி, ஸ்க்ரூ போட்டுவிடுகிறார். மேலே ஸ்கர்டிங் மூடிவிடுவதால் யாருக்கும் தெரியாது. குளியலறைத் தரையில் கசியும் நீர் போர்டின் அடிவிளிம்பைத் தொட்டதும், விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல ஜிப்சம் அதை மேலே இழுக்கும். சில மாதங்களில் படுக்கையறைப் பக்கம் ஸ்கர்டிங்குக்கு மேலே பெயின்ட் உப்பும், மக்கிய வாடை வரும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். அந்த நிலையில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது வீண்செலவு. கசிவை நிறுத்திய பின், உறுதியான பகுதி வரும் வரை போர்டை வெட்டியெடுத்துப் புதிது போட வேண்டும். உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் துருப்பிடித்திருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

முதலிலேயே போர்டைத் தரையிலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் தூக்கி நிறுத்தியிருந்தால், தரை துடைக்கும் தண்ணீரெல்லாம் ஒன்றும் செய்யாது. ஆனால் குளிக்கும் இடத்துக்கு அந்த இடைவெளி மட்டும் போதாது.

அங்கேதான் பச்சை நிற ஜிப்சம் போர்டை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். அதில் தண்ணீர் உறிஞ்சுவதைக் குறைக்கும் பொருள் கலந்திருக்கும், அவ்வளவுதான். சமையலறைச் சுவர், வாஷ்பேசின் பக்கம், குளியலறைக் கூரை ஆகிய இடங்களுக்குச் சரி. ஷவர் நேராக அடிக்கும் சுவருக்குச் சரிவராது. மேலே டைல்ஸ் ஒட்டினாலும் அவற்றுக்கு இடையேயுள்ள இணைப்புகள் வழியே ஈரம் உள்ளே இறங்கும். அங்கே சிமென்ட் போர்டு போட்டு, அதன்மேல் வாட்டர்புரூஃப் பூச்சு அடித்த பிறகே டைல்ஸ் ஒட்ட வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங்கில் ஆபத்து மேலிருந்து வரும். மாடிக் குளியலறைக் குழாய், ஏசி தண்ணீர்க் குழாய், குளிர்ந்த குழாயில் இன்சுலேஷன் விட்ட இடத்தில் வியர்க்கும் நீர் என எதுவாகவும் இருக்கலாம். மஞ்சள் வட்டம் தெரிந்ததும் பெயின்ட்டரைக் கூப்பிடாமல், போர்டைத் திறந்து மேலே பாருங்கள். வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் கசிவு நிற்கவில்லை. போர்டு கீழே தொய்ந்திருந்தால் அது காய்ந்தாலும் பழையபடி நிமிராது. நனைந்த போர்டு கனத்து விழக்கூடும் என்பதால் அடியில் யாரும் நிற்க வேண்டாம். குழாய் இணைப்புகள் உள்ள இடங்களில் ஆரம்பத்திலேயே திறந்து மூடும் கதவு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். சீலிங் அழகு கெடும் என்று முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.