‘ரிவர்ட் பேக்’ என்று எழுதினால் ரேட் பழையபடி ஆகிவிடும்

வாளையாறுக்கு இந்தப் பக்கம் கோவை, அந்தப் பக்கம் கேரளத்தின் கஞ்சிக்கோடு. போனில் தமிழும் மலையாளமும் கலந்து பேசியே வேலை முடிந்துவிடும். மெயில், வாட்ஸ்அப் என்று வந்ததும் இங்கிலீஷுக்குத் தாவுவோம். அங்கேதான் ‘ரிட்டர்ன் பேக்’, ‘ரிப்பீட் அகெய்ன்’, ‘ரிவர்ட் பேக்’ எல்லாம் வந்து உட்காரும்.

இது ஏன் வருகிறது என்பது சுலபம். தமிழில் ‘திருப்பி அனுப்பு’ என்று இரண்டு சொல்லாகத்தான் சொல்கிறோம். மலையாளத்திலும் ‘திரிச்சு தரூ’தான். இங்கிலீஷில் அந்த ‘திருப்பி’, ‘ரிட்டர்ன்’ என்ற சொல்லின் முன்னால் இருக்கும் ‘ரி’க்குள்ளேயே அடங்கிவிட்டது. லத்தீனிலிருந்து வந்த அந்த ‘ரி’க்குத் திரும்ப, மறுபடி என்றுதான் பொருள். நம் வாய்க்கு இரண்டாவது சொல் இல்லாமல் குறைவாகத் தெரிவதால் ஒரு ‘பேக்’கைச் சேர்த்துவிடுகிறோம். ‘நடு சென்டர்’, ‘கேட்டு வாசல்’ என்று சொல்லிச் சிரிக்கிறோமே, அதே கதைதான்.

‘ரிட்டர்ன் பேக்’ காதுக்கு உறுத்தும், அவ்வளவுதான்; யாருக்கும் நஷ்டம் வராது. ‘ரிவர்ட் பேக்’ அப்படியில்லை. அந்தச் சொல்லுக்கு இங்கிலீஷில் பழைய நிலைக்குத் திரும்புவது என்று பொருள். கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்களுக்கு ‘ரிவர்ட்’ என்றால் செய்த மாற்றத்தை ரத்து செய்வது. நம் ஊர் ஆபீஸ்களிலோ ‘பதில் போடு’ என்ற பொருளில் ஓடிக்கொண்டிருக்கிறது. கூடவே ‘பேக்’ சேர்ந்தால் ‘பழையபடி மாற்று’ என்ற பொருள்தான் இன்னும் அழுத்தமாகத் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோவை சப்ளையர் ஒருவர், கஞ்சிக்கோடு கம்பெனிக்குப் போகும் பாகத்தின் விலையை 42 ரூபாயிலிருந்து 45 ஆக்குகிறார். சேல்ஸ் ஆள் தன் பில்லிங் பிரிவுக்கு அனுப்பும் மெசேஜ்: ‘ரேட் சேஞ்ச்டு டு 45. ப்ளீஸ் ரிவர்ட் பேக் பிஃபோர் 5.’ அவர் கேட்டது ஐந்து மணிக்குள் ஒரு ‘சரி’. பில் போடுபவர் புரிந்துகொண்டது, மாற்றிய ரேட்டை ஐந்து மணிக்குள் பழையபடி 42 ஆக்கச் சொல்கிறார் என்று. அவர் மேல் தப்பு சொல்ல முடியாது, சொல்லுக்குப் பொருள் அதுதானே. 800 பீஸுக்கு 42 வீதம் பில் போய்விடுகிறது. பீஸுக்கு 3 ரூபாய் என்று 2,400 குறைவு. 18 சதவீத வரி 432 சேர்த்தால் 2,832. சரக்கு வாளையாறைத் தாண்டி, கஞ்சிக்கோடு கணக்குப் பிரிவு ‘45 என்று பேசினோமே, பில்லில் 42 இருக்கே சேட்டா’ என்று கேட்டால்தான் விஷயம் தெரியும். கேட்காமல் விட்டால் தெரியவே தெரியாது. தெரிந்த பிறகு குறைந்த தொகைக்கு டெபிட் நோட் போட வேண்டும்.

அந்த மெசேஜை இப்படி எழுதியிருக்கலாம்: ‘நியூ ரேட் 45, ஃப்ரம் டுடேஸ் பில். ப்ளீஸ் கன்ஃபர்ம் பை 5 பி.எம்.’ பதில் வேண்டுமென்றால் ‘ரிப்ளை’ அல்லது ‘கன்ஃபர்ம்’. பழைய ரேட்டே வேண்டுமென்றால் ‘கோ பேக் டு 42’ என்று எண்ணோடு எழுதலாம். ‘ரிவர்ட்’டைக் கையில் எடுக்காமலே இருப்பது நல்லது, ‘பேக்’ இல்லாமல் எழுதினாலும் குழப்பம் தீராது.

‘ரிப்பீட் அகெய்ன்’ வேறு விதமான வம்பு. 200 பீஸ் ஆர்டர் ஒருமுறை வந்தது, இன்னொருமுறை ரிப்பீட் ஆனது என்றால், மூன்றாவது முறைக்கு ‘ரிப்பீட் அகெய்ன்’ சரியான இங்கிலீஷ்தான். அதனால்தான் இரண்டாவது ஆர்டருக்கே அப்படி எழுதினால், இடையில் வந்த ஒரு ஆர்டரைத் தவறவிட்டோமோ என்று ஸ்டோர்ஸ் ஆள் பழைய மெயில்களைத் துழாவ வேண்டியிருக்கிறது. ‘ரிப்பீட் ஆர்டர், 200 நம்பர்ஸ், சேம் ஆஸ் லாஸ்ட் பி.ஓ.’ என்றால் கேள்வியே வராது. பழைய பி.ஓ. நம்பரையும் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

இதற்காக ‘பேக்’கை எங்கே பார்த்தாலும் வெட்ட வேண்டாம். கையால் அந்தச் சொல்லை மறைத்துப் படித்துப் பாருங்கள். ‘ரிட்டர்ன் தி பேலட்ஸ்’, ‘ரிப்ளை டு மீ’ இரண்டும் ‘பேக்’ இல்லாமல் முழுதாக நிற்கும். ‘கெட் பேக் டு மீ’யில் மறைத்தால் வாக்கியமே உடைந்துவிடும். ‘கால் மீ’ என்றால் கூப்பிடு. ‘கால் மீ பேக்’ என்றால் நான் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை, இப்போது நீ கூப்பிடு. அங்கே ‘பேக்’ சம்பளம் வாங்கி வேலை செய்கிறது.

‘ரிட்டர்ன் பேக்’கில் ‘பேக்’கை எடுத்ததும் ஓர் இடம் காலியாகும். அதில் எங்கே, எப்போது என்பதை வையுங்கள். ‘ரிட்டர்ன் 12 பேலட்ஸ் டு கோவை கோடவுன் பை சாட்டர்டே.’ ‘பேக்’ என்று மட்டும் இருந்தால் கஞ்சிக்கோடு டிரைவர் பேலட்டை ஃபேக்டரியில் இறக்குவதா, கோடவுனிலா என்று போன் போட்டுக் கேட்பார்.