கைத்தறித் துணியில் குறை பார்க்கும்போது செய்யக்கூடாதவை: டிசைனர் தம்பிக்கு ஒரு நெசவாளியின் கடிதம்

வணக்கம் தம்பி.

நீங்கள் திருப்பி அனுப்பிய பீஸையும், அதில் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டியிருந்த இடங்களையும் பார்த்தேன். மூன்று வட்டங்களில் ஒன்று எங்கள் தப்புதான், அதைப் பின்னால் சொல்கிறேன். மற்ற இரண்டும் குறை இல்லை. புதிதாகக் கைத்தறிக்கு வருகிற டிசைனர்கள் எல்லோரும் இதே இடங்களில்தான் வட்டம் போடுகிறார்கள், அப்புறம் அதைச் "சரி" செய்யப் போய்ப் பணத்தை விடுகிறார்கள். மதுரையில் தறி போடுகிறவர்கள் இதை எத்தனையோ முறை வாயால் சொல்லியாகிவிட்டது, எழுதிவிட்டால் நல்லது என்று தோன்றியது. சாயத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும், மீட்டர் கணக்கில் கொஞ்சம் கூடுதலாக ஆர்டர் போட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் நான் போகவில்லை.

நெடுக்குக் கோட்டையும் குறுக்குக் கோட்டையும் ஒன்றாகப் பார்ப்பது

துணியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அகலவாட்டில் சில இடங்களில் மெல்லிசாக ஒரு பட்டை தெரியும். குறுக்கே ஓடுகிற ஊடை அங்கே ஒரு நூல், இரண்டு நூல் கூடவோ குறையவோ விழுந்திருக்கும். இது எப்படி வருகிறது என்றால், தறியில் நீளவாட்டு நூலான பாவு எப்போதும் இழுப்பில் நிற்கிறது. சாப்பிட எழுந்து போய் வந்தால், அந்த நேரத்தில் இழுப்பிலேயே நின்ற நூல் கொஞ்சம் நீண்டு, நெய்த துணியின் ஓரம் இருந்த இடத்திலிருந்து துளி நகர்ந்திருக்கும். திரும்ப உட்கார்ந்து, ஊடையை நெருக்குகிற பலகையை அடிக்கும்போது முதல் சில ஊடைகள் முன்பு விழுந்த அதே நெருக்கத்தில் விழாது. அனுபவம் உள்ளவர் எழுந்திருக்கும்போதே பாவைத் தளர்த்திவிட்டுப் போவார், வந்ததும் ஊடையைக் கொண்டுபோகிற நாடாவை விடாமல் இரண்டு முறை பலகையை மட்டும் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார். அப்படியும் ஒரு மங்கலான தடம் இருக்கும். நாடாவுக்குள் நூல் சுற்றி வைத்த தார் தீர்ந்து புதுத் தார் போடுகிற இடத்திலும் பழைய நூலின் நுனியும் புது நூலின் நுனியும் ஒரு அங்குலம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும், முடிச்சு போட்டால் துணியில் புடைக்கும் என்பதற்காக அப்படிச் செய்கிறோம். நீங்கள் போட்ட முதல் இரண்டு வட்டங்கள் இவைதான்.

மூன்றாவது வேறு. அது நீளவாட்டில், ஒரே இடத்தில், துணி முழுக்க ஓடுகிற கோடு. பாவு நூல்கள் புகுந்து வருகிற பண்ணையில் ஒரு பல் வளைந்திருந்தாலோ, ஒரு பல்லில் ஒரு இழை குறைந்திருந்தாலோ, அந்தப் பாவு முடிகிற வரைக்கும் அந்தக் கோடு விடாமல் வரும். இது கருவியின் கோளாறு, கவனித்திருந்தால் முதல் முழத்திலேயே நிறுத்தியிருக்கலாம். அந்தத் துணியை நாங்கள் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வரும்: குறுக்குப் பட்டை எல்லாமே நல்லதுதானா? இல்லை. பட்டை இருக்கிற இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து ஊடையை ஒரு பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். நூல் நகர்ந்து சந்து விட்டால் அடி போதவில்லை என்று அர்த்தம், தையலில் கிழியும், அதைத் திருப்பிவிடுங்கள். நூல் அசையாமல் நின்றால் வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல் பட்டை நெருக்கத்தில் இல்லாமல் நிறத்தில் தெரிந்தால், வேறு வேறு சாயத் தொட்டியில் தோய்ந்த நூல் தாரில் கலந்துவிட்டது. அதுவும் எங்கள் தப்பு. ஒரே நிறத் துணிக்கு இரண்டு நாடாவை மாற்றி மாற்றி விட்டு நெய்தால் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் பரவிவிடும், ஆர்டர் கொடுக்கும்போதே கேளுங்கள்.

கரையோர ஊசித் துளைகளைக் குறை என்று எழுதுவது

துணியை அகலத்தில் இழுத்துப் பிடிக்கும் குச்சியின் ஊசி பட்ட இடம். ஒரு துவையலில் மூடிக்கொள்ளும்.

உருளையில் கொடுத்து மழமழப்பாக்குவது

இதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிற விஷயம் இது.

சில வருஷத்துக்கு முன்னால் வெளியூர் ஆள் ஒருவர் சட்டைக்காக எங்களிடம் துணி எடுத்தார். பாவும் ஊடையும் 60ஆம் நம்பர் பருத்தி, வெளிர் நீலம், பண்ணையில் 50 அங்குல அகலம். தறியில் இருக்கிற வரைக்கும் ஊசிக்குச்சி துணியை அந்த அகலத்தில் பிடித்து வைத்திருக்கும், குச்சியை எடுத்துத் துணியை இறக்கினால் அது தானாகச் சுருங்கி 48 அங்குலத்தில் வந்து நிற்கும். நாங்கள் கொடுத்தது 48. துணி கைக்குப் போனதும் அவருக்கு இரண்டு விஷயம் பிடிக்கவில்லை. ஒன்று, வெளிச்சத்தில் பட்டை தெரிகிறது. இன்னொன்று, இன்னும் இரண்டு அங்குலம் இருந்தால் கட்டிங்கில் துணி மிச்சமாகும். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மொத்தச் சரக்கையும் பிராசஸிங்குக்கு அனுப்பிவிட்டார். அங்கே கஞ்சி ஏற்றி, ஸ்டென்டரில் இரண்டு கரையையும் கவ்விப் பிடித்து 50 அங்குலத்துக்கு இழுத்துக் காய வைத்து, அப்புறம் காலண்டரில் சூடான உருளைகளுக்கு நடுவில் அழுத்தி எடுத்தார்கள்.

வந்த துணி பார்க்க அழகாகத்தான் இருந்தது. உருண்டையாக இருந்த நூல் அழுத்தத்தில் தட்டையாகிப் பக்கத்து நூலோடு ஒட்டிக்கொண்டது, மிச்சம் இருந்த சந்தைக் கஞ்சி அடைத்துக்கொண்டது. பட்டையும் தெரியவில்லை, இடைவெளியும் தெரியவில்லை. மில் துணி போல மினுக்கம் வந்தது. அந்த நிலையிலேயே வெட்டித் தைத்துக் கடைக்கு அனுப்பிவிட்டார்.

பருத்தி நூல் தண்ணீரைக் குடித்தால் ஊதும். முதல் துவையலில் கஞ்சி போய்விட்டது, தட்டையான நூல் திரும்ப உருண்டது, அடங்கியிருந்த பட்டை அப்படியே மேலே வந்தது. அதுவாவது பரவாயில்லை. இழுத்து வைத்த அகலம் நிற்கவில்லை. 50 அங்குலம் 47½ ஆகிவிட்டது, அதாவது நூற்றுக்கு ஐந்து பங்கு. சட்டையில் துணியின் அகலம்தான் உடம்பைச் சுற்றி வருகிறது, ஆகவே 42 அங்குல மார்புச் சுற்றளவுக்குத் தைத்த சட்டை 40க்கு வந்து நின்றது. வாங்கியவர்களுக்குப் பட்டன் போட முடியவில்லை. கடை அவரிடம் திருப்பியது, அவர் "கைத்தறித் துணி தரமில்லை" என்று சொல்லி எங்கள் பாக்கியை நிறுத்திவிட்டார். நாங்கள் கொடுத்த 48 அங்குலத்தை அப்படியே தண்ணீரில் நனைத்து, நிழலில் காய வைத்து, அப்புறம் வெட்டியிருந்தால் அரை அங்குலம் போயிருக்கும், அதுவும் வெட்டுவதற்கு முன்னாலேயே போயிருக்கும்.

எனக்கு வருத்தம் பாக்கி நின்றதோடு முடியவில்லை. அடுத்த ஆர்டருக்கு அவர் கேட்டது: "பட்டையே வராமல் நெய்து கொடுங்கள்." அதைச் செய்ய வழி இருக்கிறது. பாவை இன்னும் இறுக்க வேண்டும், கஞ்சியைக் கெட்டியாக்க வேண்டும், பலகையை ஓங்கி அடிக்க வேண்டும். அப்படிச் செய்தால் முதலில் பாவு நூல் அறுகிறது, முக்கியமாகச் சித்திரை வெயிலிலும் ஆடிக் காற்றிலும் கஞ்சி போட்ட நூல் விறைத்துப் போய் இருக்கும்போது. அறுந்த ஒவ்வொரு நூலுக்கும் ஒரு முடிச்சு. பட்டையைப் போக்கப் போய்த் துணி முழுக்க முடிச்சு வாங்கிக்கொள்கிறோம். அறாமல் வந்துவிட்டால் துணி அட்டை மாதிரி நிற்கிறது, உடம்பில் விழுவதில்லை. விசைத்தறி அந்த வேகத்தில் ஓடுவதற்குப் பாவு இறுக்கமாக இருந்தே ஆக வேண்டும். கைத்தறியில் அந்தக் கட்டாயம் இல்லை, தளர்வான பாவிலேயே நெய்யலாம், அதனால்தான் துணிக்கு அந்த மென்மையும், வேர்வையில் ஒட்டாத காற்றோட்டமும் வருகிறது. அதே தளர்வில்தான் கை ஒரு நேரம் ஒரு நூல் கூட அடிக்கிறது, ஒரு நேரம் குறைய அடிக்கிறது. நீங்கள் கைத்தறிக்குக் கூடுதல் விலை கொடுப்பது அந்தத் தொய்வுக்காக என்றால், பட்டையைத் தனியாகக் கழித்துக்கொண்டு தொய்வை மட்டும் வாங்க முடியாது, தம்பி.

வேண்டுமென்றே குறை வைக்கச் சொல்வது

இது நேர்மாறான தவறு, இப்போது அதிகமாகிவிட்டது. "கைத்தறி என்று பார்த்தவுடனே தெரிய வேண்டும், அங்கங்கே நூல் தடித்து வருகிற மாதிரி நெய்யுங்கள்" என்கிறார்கள். நூல் தடித்து மெலிந்து வருவது கையால் நூற்ற கதருக்கு உரியது. நாங்கள் நெய்வது மில்லில் நூற்ற நூலில், அதில் இயல்பாக அவ்வளவு தடிப்பு வராது. தடிப்பு வேண்டும் என்றால் மில்லே அப்படி நூற்றுத் தருகிறது, அதை விசைத்தறியில் ஓட்டிக் கைத்தறி என்று விற்கிறவர்களும் உண்டு. தடிப்பைப் பார்த்துக் கைத்தறி என்று முடிவு கட்டினால் ஏமாறுவீர்கள். கரையில் ஊசித் துளை இருக்கிறதா, தார் மாற்றிய இடம் தெரிகிறதா, பட்டைகள் சம இடைவெளி இல்லாமல் வருகின்றனவா என்று மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

நெசவாளியிடம் போய் நன்றாக அடிக்காதே என்று சொல்வது எங்களுக்கு மனசுக்குக் கஷ்டமாகவும் இருக்கிறது. ஒவ்வொரு அடியும் சமமாக விழ வேண்டும் என்றுதான் நாங்கள் அடிக்கிறோம்.

ஒரு ஜாண் மாதிரித் துண்டை வைத்து ஒப்புக்கொள்வது

குறைந்தது இரண்டு மீட்டர் கேளுங்கள். பட்டை ஒரு ஜாணுக்குள் தெரியாது.

எண்ணிக்கையில் ஒரே எண்ணை எதிர்பார்ப்பது

அங்குலத்துக்கு 60 ஊடை என்று ஆர்டர் போட்டால், இழை எண்ணும் கண்ணாடியைத் துணியில் ஐந்து இடங்களில் வைத்து எண்ணுங்கள். 57க்கும் 62க்கும் நடுவில் இருந்தால் நான் அதை நல்ல நெசவு என்பேன். 54க்குக் கீழே ஒரு இடம் போனாலும் குறை என்று எங்களிடம் பேசலாம். ஒரே இடத்தில் எண்ணிவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள்.

வெட்டும்போது பட்டையை மறந்துவிடுவது

உங்கள் கையில் இருப்பது இதுதான். நனைத்துக் காய வைத்த துணியை மேஜையில் விரித்து, பட்டை இருக்கிற இடத்தில் சுண்ணக்கட்டியால் கரையோரம் ஒரு புள்ளி வையுங்கள். காலருக்கும் பாக்கெட்டுக்கும் அந்தப் புள்ளி வராத இடத்தில் வெட்டுங்கள், சின்ன துண்டில் பட்டை விழுந்தால் கண்ணைக் குத்தும். முன்பக்கத்து இரண்டு பாகத்தையும் அடுத்தடுத்து ஒரே உயரத்தில் வெட்டினால் பட்டை பட்டன் வரிசைக்கு இரண்டு பக்கமும் நேராக ஓடும். முதுகுத் துண்டில் எங்கே விழுந்தாலும் பிரச்சினை இல்லை.

நீலப் பாவு இந்த வாரம் தறியில் ஏறுகிறது. இரண்டு நாடா வேண்டுமா, எவ்வளவு அகலம், இரண்டையும் அதற்குள் சொல்லிவிடுங்கள். அகலம் சொல்லும்போது நனைத்த பிறகு உங்களுக்கு எவ்வளவு நிற்க வேண்டும் என்பதைச் சொல்லுங்கள், பண்ணைக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.