குழப்பமான ஒரு கிழமையை ஜிராவின் மாற்றப் பதிவிலிருந்து மீட்டெடுத்தல்

முடிந்துவிட்டதாகக் குறிக்கப்பட்ட பணி, வேறொருவர் பெயரிலும் வேறொரு கெடுதிகதியிலும் மீண்டும் திறந்து கிடக்கும்போது, ஒவ்வொருவரிடமும் நினைவைக் கேட்டுத் திரிவதைவிட அணியின் பணிகளைக் கண்காணிக்கும் மென்பொருளான ஜிராவின் மாற்றப் பதிவை முதலில் வாசிப்பதே நியாயமானது. பம்பலப்பிட்டியில் ஓர் அணியும் லண்டனில் அதன் திட்ட மேலாளரும் இருப்பதாகக் கொண்டு, கட்டண ரசீதுப் பக்கத்துக்கான PAY-214 என்ற பணியை எடுத்துக்கொள்வோம். அது 2025 யூலை 14 முதல் 18 வரையான கிழமையில் இவ்வாறு குழம்பியது என்பது நம் எடுத்துக்காட்டு.

முதலாவதாக, பணியைத் திறந்து கீழே Activity பகுதியில் History என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பழைய பதிவு மேலே வரும்படி வரிசையை மாற்றி, மறைந்திருக்கும் பழைய பதிவுகள் அனைத்தையும் திறந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் மாற்றியவர், மாறிய புலம், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, நேரம் ஆகியவை இருக்கும். "2 days ago" என்பது போன்ற நேரங்களின் மேல் சுட்டியை வைத்தால் சரியான நேரம் தெரியும், அதையே குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, நேர வலயத்தைச் சரிபாருங்கள். ஜிரா, பார்ப்பவரின் கணக்கில் அமைந்த வலயத்தின்படியே நேரத்தைக் காட்டுகிறது. கோடைகாலத்தில் லண்டனை விடக் கொழும்பு நான்கரை மணித்தியாலம் முன்னால் இருப்பதால், மேலாளர் செவ்வாய் இரவு 8.10க்குக் கெடுதிகதியை மாற்றியது கொழும்பில் புதன் அதிகாலை 12.40 எனப் பதிவாகத் தெரிந்தது. "செவ்வாயே மாற்றிவிட்டேன்" என்றவரும் "புதன்தான் மாறியது" என்றவரும் உண்மையையே சொன்னார்கள். ஆகவே எல்லா நேரத்தையும் ஒரே வலயத்தில் எழுதிய பிறகே ஒழுங்கைப் பற்றிப் பேச வேண்டும்.

மூன்றாவதாக, பதிவுகளைப் புலம் வாரியாகப் பிரித்துச் சங்கிலியாகக் கோத்துப் பாருங்கள். ஒரு புலத்தின் புதிய மதிப்பு, அதே புலத்தின் அடுத்த பதிவில் பழைய மதிப்பாக வர வேண்டும். வராவிட்டால் இடையில் ஒரு பதிவு உங்கள் கண்ணில் படவில்லை, அல்லது வரிசையைத் தலைகீழாக வாசிக்கிறீர்கள். பணியை உருவாக்கும்போது இட்ட மதிப்பு தனி மாற்றமாகப் பதிவாவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அதை அறிய, அந்தப் புலத்தின் முதல் பதிவில் உள்ள பழைய மதிப்பைப் பார்த்தால் போதும்.

இனி PAY-214இன் பதிவைக் கொழும்பு நேரத்தில் வாசிப்போம். செவ்வாய் பிற்பகல் 4.20க்கு மென்பொருள் உருவாக்குநர் நிலையை Done ஆக்கினார், புதன் 12.40க்குக் கெடுதிகதி வெள்ளிக்குத் தள்ளப்பட்டது. புதன் முற்பகல் 11.30க்கு வடிவமைப்பாளர் விவரணத்தைத் திருத்தினார். வியாழன் காலை 9.12க்குச் சோதனையாளர் நிலையை In Progressக்குத் திருப்பினார். அதே நிமிடத்தில் பணி சோதனையாளர் பெயருக்கு மாறியது.

இந்தக் கடைசி மாற்றத்தைச் செய்தவராக ஒரு மனிதர் அல்ல, Automation for Jira குறிக்கப்பட்டிருந்தது. மீண்டும் திறப்பவருக்கே பணியை ஒப்படைக்கும் தானியங்கி விதி ஒன்று இருந்ததால், சோதனையாளர் தன்னை அறியாமலே பொறுப்பாளரானார். உருவாக்குநரோ அவர் விரும்பி ஏற்றதாக எண்ணி ஒதுங்கினார். தானியங்கிப் பதிவைக் கண்டால் அதற்குச் சற்று முன் நடந்த மனிதச் செயலைத் தேடுவது அவசியம்.

ஆனால் குழப்பத்தின் வேர் புதன் 11.30 பதிவில்தான் இருக்கிறது. பலரும் நிலை, பொறுப்பாளர் ஆகிய வரிகளை மட்டும் பார்த்துவிட்டு, நீளமாக இருப்பதால் Description வரியைத் தாண்டிவிடுகிறார்கள். பழைய விவரணத்தையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிட்டபோது, "ரசீதின் தலைப்பு சிங்களத்திலும் வர வேண்டும்" என்ற ஒரு வசனம் சேர்ந்திருந்தது. முடிந்த பணிக்குள் புதிய வேலை நுழைந்தது. அதை வாசித்த சோதனையாளர், வேலை குறைபாடாக இருக்கிறது என்று திறந்தார். கெடுதிகதி அதற்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேலாக முன்னரே மாறியதால், சிங்களத் தலைப்புக்காகத்தான் மேலாளர் அவகாசம் கொடுத்தார் என்ற ஊகம் நிற்காது.

அதே கிழமையில் வேறு பணிகளும் இப்படித் திறக்கப்பட்டனவா என்று அறிய, தேடலில் JQL முறைக்கு மாறி இதை இடுங்கள்:

```
project = PAY AND status CHANGED FROM "Done"
DURING ("2025/07/14", "2025/07/19")
```

முடிவுத் திகதியாக 18ஐ இட்டால் அந்நாள் தொடங்கும் நள்ளிரவோடு தேடல் நின்று, வெள்ளிக்கிழமை மாற்றங்கள் விடுபடும், அதனால்தான் 19.

மாற்றப் பதிவு எந்தக் கணக்கிலிருந்து மாற்றம் வந்தது என்பதைச் சொல்லும். ஏன் என்பதைச் சொல்லாது. காரணம் பெரும்பாலும் கருத்துரைகளில் இருக்கும். ஆனால் திருத்தப்பட்ட கருத்துரையின் பழைய வாசகத்தை History காட்டாது. ஆகவே அந்தப் பகுதிக்கு மட்டும், நீங்கள் கோத்த நேர ஒழுங்கைக் கையில் வைத்துக்கொண்டு, வடிவமைப்பாளரிடம் நேரே கேளுங்கள்.