வாழ்த்து அட்டைக்குச் சிலேடை: ஓர் எழுத்தை மட்டும் மாற்றுங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸில் வடைக் கடையைக் கண்டால் கால் நின்றுவிடும் மாமாவுக்குப் பிறந்தநாள் என்று வையுங்கள். முதலில் அவரைக் குறிக்கும் நாலைந்து சொற்களை எழுதுங்கள்: வடை, தே தாரிக், லுங்கி, மீசை. பிறகு முதல் எழுத்து மட்டும் மாறும் இணைகளைத் தேடுங்கள்: வடை, படை, கடை, தடை, விடை. இவற்றில் எது பழமொழியில் வருகிறது? ‘பாம்பென்றால் படையும் நடுங்கும்.’ அங்கே வடையை வைத்தால்:

‘மாமா என்றால் வடையும் நடுங்கும்!’

‘-உம்’ விகுதியும் ‘நடுங்கும்’ என்ற முடிவும் அப்படியே இருப்பதால்தான் மூலம் காதில் கேட்கிறது. ‘பாம்பு’ போனதே பெரிய இழப்பு. ‘நடுங்கும்’ என்பதையும் ‘ஓடும்’ என்று மாற்றினால் பழமொழி செத்துவிடும், சிரிப்பும் வராது. குறில் நெடிலையும் கவனியுங்கள். ‘படை’ இருந்த இடத்தில் ‘வாடை’ ஒட்டாது.

ல, ழ மாற்றம் இன்னும் எளிது, ஆனால் ஆபத்தானது. ‘ஒற்றுமையே பலம்’ என்பதை ‘ஒற்றுமையே பழம்’ ஆக்கினால், பேச்சில் பலர் இரண்டையும் ஒன்றாகவே சொல்வதால் காதுக்கு வேறுபாடே தெரியாது. அச்சில் வெறும் எழுத்துப்பிழையாகத் தெரியும், தமிழாசிரியர் யாராவது சிவப்பு மையால் திருத்தியும் தருவார். பக்கத்தில் பாலிக் புலாவ் டுரியான் ஒன்றை வரைந்துவிட்டால் வேண்டுமென்றே செய்தது என்று புரியும்.

அச்சடிக்கும் முன், படத்தை மறைத்து ஒருவரிடம் வரியை வாசித்துக் காட்டுங்கள். அவர் மூலப் பழமொழியை உடனே சொல்லவில்லையென்றால் வேறு பழமொழி தேடுங்கள்.